மின்தடையில் ஒரு வீட்டுப்பாடம்: கைப்பேசி இணையம் கணினிக்கு வரும் வழி

வீட்டில் மின்சாரம் நின்றதும் வைஃபையும் நின்றுவிடுகிறது. ஆனால் கைப்பேசியில் இணையம் தொடர்ந்து வருகிறது. அந்தக் கைப்பேசி இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து கொடுப்பதற்குப் பெயர் டெதரிங். கம்பியில்லாமல் வைஃபை வழியாகக் கொடுத்தால் அதையே ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் அந்தப் பொத்தானைத் தட்டுவது புதிதல்ல. மின்தடை நேரத்தில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணினியின் பேட்டரி, கைப்பேசியின் பேட்டரி, அன்றைய டேட்டாவில் மிச்சம் இருப்பது ஆகிய மூன்றுமே குறைந்துகொண்டே போகும் சரக்குகள். எதை எப்போது செலவழிப்பது என்று தெரிந்தவருக்குத்தான் பாடம் முடிகிறது.

வீட்டு இணையம் முதலில் போவதற்குக் காரணம் எளிது. பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து அதே செப்புக் கம்பி வழியாக வந்தது. ஊரெல்லாம் இருட்டானாலும் அது ஒலித்ததற்கு அதுவே காரணம். இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் இழையில் வெளிச்சம் மட்டுமே வருகிறது, மின்சாரம் வருவதில்லை. அந்த வெளிச்சத்தை இணையமாக மாற்றும் மோடத்துக்கும் ரௌட்டருக்கும் வீட்டுச் சுவரிலிருந்துதான் மின்சாரம் வேண்டும். பெரும்பாலானவை 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் அவை ஓரிரு மணி நேரம் தாங்கும். ஆனால் உள்ளூர் கேபிள்காரர் மூலம் இணைப்பு வாங்கியிருந்தால், தெருக்கம்பத்துப் பெட்டியில் உள்ள அவருடைய கருவியும் அதே மின்தடையில் அணைந்திருக்கக்கூடும். அப்போது ரௌட்டரில் விளக்கு எரியும், கணினி வைஃபையோடு இணைந்தும் இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது.

கைப்பேசிக் கோபுரத்தின் நிலை வேறு. அதன் அடியில் பேட்டரி வரிசை இருக்கிறது, பல கோபுரங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது. அதனால் முதல் சில மணி நேரத்துக்குக் கைப்பேசி இணையம் கிடைக்கும். ஆனால் வேகம் குறையும். தெருவில் வைஃபை போன எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் அந்தக் கோபுரத்தை நம்பத் தொடங்குவதே அதற்குக் காரணம். திரையின் மூலையில் காட்டும் கோடுகள் சிக்னலின் வலுவை மட்டுமே சொல்கின்றன, கூட்டத்தைச் சொல்வதில்லை. நான்கு கோடும் நிறைந்திருந்து பக்கம் திறக்காவிட்டால் பெரும்பாலும் கோபுரத்தில் நெரிசல் என்று கொள்ளலாம். கோடுகளே ஒன்றிரண்டாகக் குறைந்தால் அருகிலுள்ள கோபுரம் அணைந்து, கைப்பேசி தொலைவில் உள்ள இன்னொன்றைப் பிடித்திருக்கலாம்.

இனி ஒரு வீட்டின் மாலையை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி மழை, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாலை 7:10-க்குக் கரண்ட் போகிறது. வடகிழக்குப் பருவமழை பற்றி 12 பக்கப் படக்காட்சி ஒன்றை அவள் இரவு 9 மணிக்குள் பள்ளியின் கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்ற வேண்டும். எட்டுப் பக்கம் முடிந்திருக்கிறது. வீட்டுக் கணினி என்பது அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், படித்து முடித்தவரின் கணினி அடுத்தவருக்கும் பிறகு வீடு முழுமைக்கும் பொதுவாகிப்போன குடும்பங்கள் நிறைய. அப்படிப்பட்ட கணினியில் மற்றதெல்லாம் வேலை செய்யும், பேட்டரி மட்டும் தளர்ந்திருக்கும்.

எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை விண்டோஸ் கணினியே சொல்லும். கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும்:

```
powercfg /batteryreport
```

அதில் `DESIGN CAPACITY` என்பது புதிதாக இருந்தபோது பேட்டரி தாங்கிய அளவு, `FULL CHARGE CAPACITY` என்பது இன்று தாங்குவது. இந்த வீட்டுக் கணினியில் முதலாவது 40 வாட்-மணி, இரண்டாவது 18 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போன நேரத்தில் திரை 55 விழுக்காடு காட்டுகிறது. அதாவது கையில் இருப்பது ஏறக்குறைய 10 வாட்-மணி. திரை முழு வெளிச்சத்திலும் வைஃபை தேடலிலும் உலாவியில் பல பக்கங்கள் திறந்தும் இருந்தால் இப்படிப்பட்ட கணினி 13 வாட் அளவுக்கு இழுக்கும். அப்படியே விட்டால் 46 நிமிடத்தில் கணினி அணைந்துவிடும். ஆசிரியர் கொடுத்த கெடு 9 மணி, பேட்டரி கொடுக்கும் கெடு 8 மணிக்கும் முன்னால். இந்த இரண்டாவது கெடுவைக் கவனிக்காததால்தான் பல வீட்டுப்பாடங்கள் பாதியில் நிற்கின்றன.

அம்மாவின் கைப்பேசியில் நிலைமை எதிர்மாறு. அதன் பேட்டரியில் எழுதியிருக்கும் 5000 மில்லி ஆம்பியர்-மணியை அதன் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணி வரும். உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசி, நிரம்பிய நிலையில் அந்தப் பழைய மடிக்கணினிக்குச் சமமாக மின்சாரம் வைத்திருக்கிறது. செலவோ மிகக் குறைவு. ஹாட்ஸ்பாட் ஓடும்போதுகூட ஒன்றிரண்டு வாட்டுக்குள் அடங்கும். ஆகவே 40 விழுக்காடு சார்ஜில் இருந்தாலும் அது மூன்று நான்கு மணி நேரம் இணையம் தரும். இந்த வீட்டில் காப்பாற்ற வேண்டியது கணினியின் பேட்டரியைத்தான்.

கரண்ட் போனதும் பலரும் முதலில் செய்வது ஹாட்ஸ்பாட்டைப் போடுவது. உண்மையில் அதைக் கடைசியாகச் செய்வதே நல்லது. மாணவிக்கு மீதி இருக்கும் நான்கு பக்கத்துக்கு வேண்டியவை சில மழையளவுக் குறிப்புகளும் இரண்டு படங்களும். அவற்றைக் கைப்பேசியிலேயே தேடலாம்.

“அம்மா, போனக் கொஞ்சம் குடும்மா. பத்து நிமிஷத்துல தந்துடறேன்.”

“சித்தி கூப்பிட்டா எடுத்துச் சொல்லுடி, இங்க கரண்ட் இல்லன்னு.”

குறிப்புகளைக் கைப்பேசியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள், படங்களைச் சேமித்துக்கொள்கிறாள். படங்களைக் கணினிக்கு மாற்றும் இடத்தில்தான் வீண்செலவு நடக்கிறது. வழக்கப்படி வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கினால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்காக அந்தப் படம் இணையத்தில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. சார்ஜ் போடும் யூஎஸ்பி கம்பியைச் செருகி, கைப்பேசியில் `File transfer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் டேட்டா ஒரு துளியும் செலவாகாது. நகலெடுத்த உடனே கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். செருகியிருக்கும் நேரமெல்லாம் கைப்பேசி கணினியிலிருந்து சார்ஜை உறிஞ்சும். சாதாரண யூஎஸ்பி துளையிலிருந்து அது 2.5 வாட் எடுத்தாலே, 46 நிமிடம் தாங்கும் கணினி 38 நிமிடத்தில் படுத்துவிடும்.

பிறகு கணினியில் வைஃபையை முழுதாக அணைத்து, திரையின் வெளிச்சத்தை எழுத்துத் தெரியும் அளவுக்குக் குறைத்து, உலாவியை மூடிவிட்டுப் படக்காட்சி மென்பொருளில் மட்டும் வேலை செய்கிறாள். இழுப்பு 9 வாட்டுக்கு இறங்குகிறது. 7:50-க்கு நான்கு பக்கமும் முடிந்தபோது செலவானது 6 வாட்-மணி, மீதி 4. திரை 22 விழுக்காடு காட்டுகிறது. பழைய பேட்டரியில் இந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. 20 காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணையும் கணினிகள் உண்டு. அதனால் இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமிப்பது கட்டாயம்.

இணைப்புப் போடுவதற்கு முன் கோப்பின் அளவைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி வரை இருக்கும். அப்படிப் பத்துப் படம் சேர்ந்தால் கோப்பு 40 எம்பி. நெரிசலான இரவில் ஏற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் கிடைத்தால், ஓர் எம்பி என்பது 8 மெகாபிட் என்பதால், 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இடையில் ஒருமுறை அறுந்தால் முதலிலிருந்து தொடங்க நேரலாம். பவர்பாயிண்ட்டில் படத்தைத் தேர்ந்து `Compress Pictures` கொடுத்தால் திரையில் பார்ப்பதற்குப் போதுமான தரத்தில் கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். அப்போது ஏற்றுவதற்கு அரை நிமிடம் போதும்.

இப்போது கைப்பேசியைக் கணினியோடு எப்படி இணைப்பது என்ற கேள்வி. யூஎஸ்பி கம்பி வழியாக இணைத்தால் கடவுச்சொல் வேண்டாம், இணைப்பும் உறுதியாக இருக்கும். கைப்பேசியில் `USB tethering` என்பதைத் தட்டினால் கணினி அதை ஒரு கம்பி வலையமைப்பாக எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலே பார்த்தபடி கணினியின் சார்ஜ் கரையும். இன்னொரு குறையும் உண்டு. கைப்பேசியை மேசையருகில்தான் வைக்க வேண்டியிருக்கும். கைப்பேசி கோபுரத்துக்கு அனுப்பும் அலையின் திறன் அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான். கோபுரமோ பல பத்து வாட்டில் அனுப்புகிறது. சுவர்களுக்கு நடுவில் இருக்கும்போது இறக்கம் சுமாராக வந்தாலும் ஏற்றம் திணறுவது இதனால்தான். ஜன்னல் விளிம்பில் கைப்பேசியை வைத்துவிட்டு மேசையில் கணினியோடு உட்கார ஹாட்ஸ்பாட் இடம் கொடுக்கிறது. இந்த வீட்டுக்கு, இந்த இரவுக்கு, ஹாட்ஸ்பாட்டே சரி. புளூடூத் வழியாகவும் இணைக்கலாம், ஆனால் அதன் வேகம் கோப்பு ஏற்றுவதற்குப் போதாது.

மேசைக் கணினி உள்ள வீட்டில் கணக்கு மாறும். அது யுபிஎஸ் இல்லாமல் ஒரு நொடியும் ஓடாது. வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ், கணினியும் திரையும் சேர்ந்தால் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். அது சேமித்து மூடுவதற்கான அவகாசம் மட்டுமே, பாடம் எழுதுவதற்கானதல்ல. இன்வெர்ட்டர் இணைப்பில் கணினி இருந்தால் பேட்டரிக் கவலை பெரிதாக இல்லை. பல மேசைக் கணினிகளில் வைஃபை வசதியே இருக்காது என்பதால் அங்கே யூஎஸ்பி டெதரிங்தான் வழி. அப்படிச் செருகியும் கைப்பேசியில் `USB tethering` மங்கலாகவே இருந்து தட்ட முடியாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பியை. சாதாரண யூஎஸ்பி கம்பிக்குள் மின்சாரத்துக்கு இரண்டும் தகவலுக்கு இரண்டுமாக நான்கு இழைகள் உண்டு. மலிவான சார்ஜ் கம்பிகள் சிலவற்றில் தகவல் இழைகளே இருப்பதில்லை. சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது.

மாணவி 7:50-க்கு ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறாள். கணினியின் பட்டியலில் அந்தப் பெயர் வரவே இல்லை. அணைத்துப் போட்டாலும் வரவில்லை. பழைய கணினியும் புதிய கைப்பேசியும் சேரும் இடத்தில் அடிக்கடி வரும் தடை இது. வைஃபை அலைகள் முக்கியமாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு வரிசைகளில் ஓடுகின்றன. வேகம் அதிகம் என்பதால் புதிய கைப்பேசிகள் பல ஹாட்ஸ்பாட்டை இரண்டாவதில் போடுகின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு முதல் வரிசை மட்டுமே கேட்கும். மற்றொரு கைப்பேசியில் அந்தப் பெயர் தெரிந்து, கணினியில் மட்டும் தெரியாவிட்டால் இதுதான் காரணம். ஹாட்ஸ்பாட் அமைப்பில் `2.4 GHz` என்று மாற்றினால் சரியாகிவிடும். சில கைப்பேசிகளில் அதே வேலையை `Extend compatibility` என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தும் சரியான கடவுச்சொல்லுக்குக்கூட இணைய மறுத்தால், பாதுகாப்பு முறையை `WPA3` என்பதிலிருந்து `WPA2` என்று மாற்றிப் பார்க்க வேண்டும். புதியதைப் பழைய கணினி அறியாதிருக்கலாம். கடவுச்சொல்லே வேண்டாம் என்று திறந்து விடுவது மட்டும் கூடாது. தெருவே இணையம் தேடும் நேரத்தில் திறந்த ஹாட்ஸ்பாட்டில் யார் வேண்டுமானாலும் நுழைந்து டேட்டாவைக் காலி செய்துவிடுவார்கள்.

அவள் அதைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் ஆறு நிமிடம் போய்விடுகிறது. கணினி இணைகிறது. இணைந்த கணத்தில் ஒன்றைச் செய்யாவிட்டால் மிச்ச டேட்டா பறிபோகும். ஹாட்ஸ்பாட்டைக் கணினி சாதாரண வீட்டு வைஃபையாகவே நினைக்கிறது. சில நாளாகத் தள்ளிப்போட்டிருந்த விண்டோஸ் புதுப்பிப்பு, மேகச் சேமிப்பில் ஏற வேண்டிய படங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருளின் பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் இரவு எட்டு மணிக்கு 300 எம்பி மீதி இருந்தால் அது சில நிமிடத்தில் தீர்ந்துவிடலாம். தீர்ந்த பிறகு இணைப்பு அறுவதில்லை, பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். அது நொடிக்கு 8 கேபி. 4 எம்பி கோப்பை அந்த வேகத்தில் ஏற்ற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்கு முன் கிளாஸ்ரூம் பக்கமே திறந்து முடியாது. எனவே விண்டோஸ் அமைப்பில் அந்த வைஃபை பெயரின் பண்புகளுக்குள் போய் `Metered connection` என்பதை இயக்க வேண்டும். இது அளந்து விற்கும் இணைப்பு என்று கணினிக்குச் சொல்வது அது. உடனே பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கத் தொடங்கும். யூஎஸ்பி வழியாக இணைத்திருந்தால் இதே அமைப்பு வைஃபை பகுதியில் கிடைக்காது. கணினி அதைக் கம்பி இணைப்பாகக் கருதுவதால் `Ethernet` பகுதியில் தேட வேண்டும்.

உலாவியைத் திறக்கும்போது முன்பு விட்டுப்போன இருபது பக்கங்களும் திரும்ப எழாமல் பார்த்துக்கொண்டு, கிளாஸ்ரூம் பக்கத்தை மட்டும் திறந்து கோப்பை ஏற்றுகிறாள். நடுவில் சித்தியின் அழைப்பு வருகிறது. வோல்ட்டி வசதியுள்ள கைப்பேசியில் பேச்சும் 4ஜி வழியாகவே போவதால் இணையம் அறுவதில்லை. அந்த வசதி இல்லாத பழைய கைப்பேசியாக இருந்தால் பேசி முடிக்கும்வரை ஏற்றம் நின்றுபோகக்கூடும். கோப்பு முழுதாக ஏறிவிட்டது என்பதற்கு அது பட்டியலில் தோன்றுவது மட்டும் போதாது. `Turn in` என்பதைத் தட்டி, அந்த இடத்தில் `Turned in` என்று மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மணி 8:02. இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கணினி மீண்டும் 13 வாட் இழுத்து 2.6 வாட்-மணியைத் தின்றுவிட்டது. திரையில் 8 விழுக்காடு. 5 விழுக்காட்டில் விண்டோஸ் கணினிகள் பொதுவாகத் தாமாகவே உறங்கப் போய்விடும். தொடக்கத்திலேயே ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, முழு வெளிச்சத்தில், இணையத்தில் இருந்தபடியே எழுதியிருந்தால் 7:52-க்குள்ளேயே அந்த எல்லையை எட்டியிருக்கும். அப்போது கடைசிப் பக்கம் எழுதி முடிந்திருந்தாலும் அனுப்ப நேரம் இருந்திருக்காது.

ஹாட்ஸ்பாட் கடைசிவரை இணையாமல் போயிருந்தால்? அப்போதும் ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. முடித்த கோப்பைக் கம்பி வழியாகக் கைப்பேசிக்கு நகலெடுத்து, கைப்பேசியின் கிளாஸ்ரூம் செயலியிலிருந்தே ஏற்றிவிடலாம். கணினிக்கு இணையமே தேவைப்படாது. இதற்கு மாணவியின் பள்ளிக் கணக்கு அம்மாவின் கைப்பேசியில் முன்பே நுழைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதும் அவசியம். நோட்டில் கையால் எழுதிய பாடத்தைப் படமெடுத்து அனுப்புவது மட்டுமே வேலை என்றால் இதுதான் முதல் வழி, டெதரிங்குக்கே தேவை இல்லை.

ஏற்றம் முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டைக் கையால் அணைக்க வேண்டும். யாரும் இணைந்திராதபோது சில நிமிடத்தில் தானாக அணையும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு, ஆனால் கணினி இணைந்தே இருக்கும்வரை அது வேலை செய்யாது. கணினியில் அந்த ஹாட்ஸ்பாட் பெயருக்கு எதிரே உள்ள `Connect automatically` குறியையும் எடுத்துவிடுவது நல்லது. எடுக்காவிட்டால், இன்னொரு நாள் அம்மா வேறு எதற்காவது ஹாட்ஸ்பாட் போடும்போது, மேசையில் திறந்திருக்கும் கணினி கேட்காமலே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் வந்து ரௌட்டர் உயிர்பெற்ற பிறகும் கணினி தானாக அதற்கு மாறும் என்று நம்ப முடியாது. ஹாட்ஸ்பாட் நின்றால்தான் அது பழைய வைஃபையைத் தேடும். மின்தடை நீண்டுகொண்டே போனால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதியலாம். அந்த அழைப்புக்கும் சேர்த்துக் கைப்பேசியில் சார்ஜ் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.